தவணையம்மா கையெழுத்துப் போட்ட கடிதம்

தவணையம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வரும். சம்பளமே எப்போதாவதுதான் வந்தது என்பதால் அந்தப் பெயரும் எப்போதாவதுதான் வெளிச்சம் கண்டது. மற்றபடி டி-ஷர்ட் அச்சடிக்கிறவருக்கும், மேடை போடுகிறவருக்கும், மெடல் செய்கிறவருக்கும், ஊரில் உள்ள அத்தனை ஸ்பான்சர்களுக்கும் அவள் தவணையம்மாதான். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டது என்று அவளுக்கே தெரியாது. கோபித்துக்கொள்ளவும் இல்லை. இருப்பதைத்தானே சொல்கிறார்கள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் அலுவலகம். முன்னறையில் அவளும் ஒரு கணினியும். உள்ளறையில் முதலாளியும் போன வருடங்களின் மிச்சங்களும். மடித்து வைத்த பேனர்கள், யாரும் வாங்காமல் விட்ட கோப்பைகள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக டி-ஷர்ட்கள். அந்த டி-ஷர்ட்களில் பாதி தவணையம்மாவின் வீட்டுக்காரர் உடம்பில்தான் தேய்ந்தன. பள்ளி வேன் ஓட்டும் மனிதர். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் சிமெண்ட் கம்பெனியாகவும் மறுநாள் பற்பசையாகவும் உலாவுவார். "நான்தான் உங்க கம்பெனியோட நிரந்தர ஸ்பான்சர்" என்பார். ஒரு வகையில் உண்மை. அவர் வருமானத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அந்தக் கம்பெனியின் தொழில் நகரத்தில் ஓட்டப்போட்டிகள் நடத்துவது. விடியற்காலையில் ஆயிரக்கணக்கான பேர் தங்கள் காசைக் கட்டிவிட்டு மூச்சிரைக்க ஓடுவார்கள். அந்தக் காசு தண்ணீருக்கும் வாழைப்பழத்துக்குமே போதாது. போட்டி நடப்பது ஸ்பான்சர் பணத்தில். ஸ்பான்சர் பணம் வருவது தவணையம்மாவின் கடிதத்தில்.

கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் கிடையாது. மேலே நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம். அடுத்து ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை. அதன் கீழே கட்டம் போட்டு, தருவதாகச் சொன்ன பலன்கள் வரிசையாக: டி-ஷர்ட்டில் லோகோ எங்கே, எத்தனை அங்குலம், ஓட்டம் முடியும் இடத்தில் வளைவில் பெயர், ஒலிபெருக்கியில் எத்தனை முறை அறிவிப்பு, கடை போட எவ்வளவு இடம், இலவச நுழைவு எத்தனை. பிறகு தவணைகள். கையெழுத்தானதும் நாற்பது சதவீதம். டி-ஷர்ட் அச்சுக்குப் போவதற்கு முன் நாற்பது. மீதி இருபது, போட்டி முடிந்து, எல்லாம் சொன்னபடி நடந்தது என்று படங்களோடு அறிக்கை கொடுத்து, அதிலிருந்து பதினைந்து நாளில். கூடவே முதல் தவணைக்கு மட்டும் ஒரு இன்வாய்ஸ். மொத்தத்துக்கும் ஒரே பில்லாகப் போட்டால் கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டவேண்டி வரும்; அதனால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி.

இரண்டாம் தவணை அச்சுக்கு முன்னால் என்பதில் மட்டும் அவள் இம்மியும் அசைய மாட்டாள். பேர் துணியில் ஏறியபிறகு பணம் கேட்டால் ஸ்பான்சர் சாவகாசமாகக் கால் நீட்டிக்கொள்வார் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

இவ்வளவு தெரிந்தவள் எப்படி இதில் மாட்டிக்கொண்டாள் என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேறெதுவும் இல்லை, அந்தக் கடைசி இருபது சதவீதம்தான். அவளுடைய பாக்கிச் சம்பளம் அதில்தான் வரும் என்பார் முதலாளி. அது வருவதற்குள் அடுத்த போட்டிக்கு முதல் தவணை வாங்கியாகிவிடும். வாங்கிய கடிதத்தில் இருப்பது அவள் கையெழுத்து. வாங்கிய பணத்துக்கு வேலையை முடித்துக் கொடுக்காமல் எப்படிப் போவது? "இந்த ஒரு தவணை மட்டும் வந்துரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் போனது.

முதலாளி எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். "உங்க கையெழுத்துக்குத்தான்கா மார்க்கெட்டுல மரியாதை" என்பார். சாதாரணமாக மேடம் என்று கூப்பிடுகிறவர் அக்கா என்று ஆரம்பித்தால் சம்பளம் தள்ளிப்போகிறது என்று அர்த்தம்.

இந்தமுறை அவள் போயே தீருவது என்று இருந்தாள். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பதிவுப் பிரிவில் ஒரு இடம். நேர்காணலுக்குப் போய்வந்தாள், எடுத்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் முழுச் சம்பளம், ஒரே தொகையாக. அதைக் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே இருந்த அதிகாரி என்ன நினைத்தாளோ, தண்ணீர் கொடுத்தாள். திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர் பெட்டிக்கடையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அவளோ அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இரண்டாம் தவணைக்கான இன்வாய்ஸ்களை அனுப்பி, எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, யாரும் குறை சொல்லமுடியாதபடி கிளம்பலாம் என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் டி-ஷர்ட் பிரிண்டர் போன் செய்தார்.

"அக்கா, ரெண்டு டிசைன் வந்திருக்கு. நெஞ்சுல யாரைப் போடறது?"

"நெஞ்சுல கண்ணாடிக்கடை. முதுகுல மெத்தைக் கம்பெனி. இதுல என்ன சந்தேகம்?"

"மெத்தைக்காரங்க அனுப்பின டிசைன்லயும் நெஞ்சுதான் இருக்கு. கேட்டா, உங்க லெட்டரை எனக்கே அனுப்பிவிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் என்னால நாளுக்குள்ள முடிக்க முடியாது. ஒரு சட்டைக்கு ஒரு நெஞ்சுதான்கா."

அந்தக் கடிதத்தை அவர் அவளுக்கும் அனுப்பினார். திறந்து பார்த்தாள். எல்லாம் அவள் எழுத்து நடைதான். கட்டத்தில் முதல் வரி: மார்புப் பகுதி முழுவதும், வேறு எந்த நிறுவனத்தின் பெயரும் இன்றி. கீழே அவள் கையெழுத்து. ஆனால் அவள் எழுதிய கடிதம் அல்ல.

நடந்தது என்னவென்று அவளுக்கு உடனே புரிந்தது. மாமியாருக்குக் காலில் அறுவை சிகிச்சை என்று நாலு நாள் லீவு போட்டாளே, அப்போது அவசரத்துக்கு வேண்டும் என்று முதலாளி அவளை ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி, அதைப் படம் எடுத்துக் கணினியில் வைத்திருந்தார். முதுகுக்கென்று மெத்தைக்காரரோடு பேசி முடித்த சூட்டில், கண்ணாடிக்கடைக்கு அவள் எழுதிய கடிதத்தைத் திறந்து, பெயரை மாற்றி, முகவரியை மாற்றி, தொகையைக் குறைத்து, அந்தக் கையெழுத்தை ஒட்டி அனுப்பிவிட்டார். பலன்களின் கட்டத்தை மட்டும் மாற்றவில்லை. அது நீளமாக இருந்தது, அவருக்குப் பொறுமை இல்லை. பாதி விலைக்கு நெஞ்சை விற்றுவிட்டார் மனிதர்.

உள்ளறைக்குப் போனாள். முதலாளி மெடலை ஒரு கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் கடிதத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது, அதுவரை சரி. ஒரு நிமிடத்தில் பழைய நிறம் வந்துவிட்டது.

"அக்கா, மனுஷன் செய்யற தப்புதானே. யாராவது ஒருத்தருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்னா..."

"கொடுங்க."

"எங்க இருந்து கொடுக்கறது? ரெண்டு பேரோட முதல் தவணையும் மைதான டெபாசிட்டுக்கும் மெடலுக்கும் போயிடுச்சு. உங்களுக்குத் தெரியாததா அக்கா?"

தெரியும். அவள்தான் அனுப்பி வைத்தாள்.

"நீங்களே பேசிடுங்க அக்கா. நான் பேசினா கோபப்படுவாங்க. உங்ககிட்ட அவங்களுக்குக் கோபமே வராது."

மூன்று தடவை அக்கா. சம்பளம் அடுத்த வருடம்தான் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

முதலில் மெத்தைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் கோபப்படவே இல்லை, உல்லாசமாக இருந்தார். "நெஞ்சு எனக்குத்தான்மா. பேப்பர்ல இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. என் டீலருங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனிமே மாத்தினா நான் வக்கீலைத்தான் கூப்பிடணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வக்கீலைக் கூப்பிட்டால் வக்கீல் யாரைக் கூப்பிடுவார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரே நெஞ்சை இரண்டு பேருக்கு விற்ற இரண்டு கடிதங்கள், இரண்டிலும் ஒரே கையெழுத்து. படத்தை ஒட்டினார்கள் ஐயா என்று சொன்னால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தாலும் அங்கேயே வந்து நிற்பார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அன்று அவர் ஒரு சோப்பு கம்பெனியாக இருந்தார்.

"விட்டுட்டுப் போ. உனக்கு என்ன தலையெழுத்தா? பண்ணினவன் பார்த்துப்பான்."

"பண்ணினவர் பேரு எதுலயும் இல்லீங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப சரி பண்ணிட்டு வா. திங்கக்கிழமைக்குள்ள பண்ணிட்டு வா" என்றார். அவளுக்கும் அதுதான் தோன்றியது. கண்ணாடிக்கடைக்காரரை மட்டும் சமாதானப்படுத்திவிட்டால் கதவு திறந்துவிடும். நெஞ்சிலிருந்து முதுகுக்கு அவர் நகர்ந்தால் போதும்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஊரில் மூன்று மூக்குக்கண்ணாடிக் கடைகள். எழுத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிக்கிற மனிதர். சொன்ன பலன் கிடைக்காவிட்டால் வாங்கிய பணத்தை ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரியைக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னவரே அவர்தான். சேர்த்தவள் அவள்தான். அதே மனிதர் அவளிடம் மட்டும் மரியாதையாக இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு வருடம் அவர் கடைக்கு ஒதுக்கிய இடம் கழிப்பறை வரிசைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவர் போட்டிக்கு வரவில்லை, சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. அவள் அந்தப் படத்தையும் அறிக்கையில் வைத்து, கடைசித் தவணையில் அந்தப் பங்கைத் தானே குறைத்து இன்வாய்ஸ் அனுப்பினாள். முதலாளி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் மறுநாளே பணம் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் போய்விட்டாள். சுற்றிலும் கண்ணாடி அலமாரிகளில் பிரேம்கள். பின்னால் கண் சோதிக்கிற அறைக்குள் அவளை உட்காரவைத்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"சார், எங்க பக்கத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு. உங்களுக்கு எழுதின அதே பலனை இன்னொருத்தருக்கும் எழுதிக் கொடுத்துட்டாங்க. அவர் விட்டுக்கொடுக்க மாட்டேங்கறார்."

"யார் எழுதினது?"

"என் கையெழுத்துதான் சார் இருக்கு."

"நான் அதைக் கேக்கல."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மேசையில் இருந்த துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அறையில் சன்னல் இல்லை. அவளுக்கு வியர்த்தது.

"ஏழு நாள்ல திருப்பித் தர முடியுமா?"

"முடியாது சார்."

"அதையாவது உண்மையாச் சொன்னீங்க." கண்ணாடியை வைத்தார். "என்ன தர்றீங்க?"

தயாராக வந்திருந்தாள். டி-ஷர்ட்டின் முதுகு முழுவதும். ஓடுகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில் அவர் லோகோ, அது எல்லாப் படத்திலும் விழும். ஓட்டம் முடியும் இடத்தில் இலவசக் கண் பரிசோதனைக்குக் கூடாரம், அங்கே வேறு யாரும் கிடையாது. மொத்தத் தொகையில் குறைப்பு. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அவள் நெஞ்சில் இருந்த பாரம் ஒவ்வொரு தலையசைப்புக்கும் கொஞ்சம் இறங்கியது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு எந்தப் புடவையில் போவது என்பதுகூட நடுவில் வந்து போனது.

"சரி. இதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா இது இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் வேணாம். அடுத்த வருஷத்தையும் சேர்த்து எழுதுங்க. அடுத்த வருஷம் நெஞ்சு எனக்கு. ரெண்டாம் தவணையை இன்னைக்கே போடறேன், உங்க பிரிண்டருக்கு வேணும்ல? கடைசித் தவணை அடுத்த வருஷப் போட்டி முடிஞ்ச அப்புறம்."

நல்ல பேரம்தான். முதலாளி கேட்டால் குதிப்பார். அவள் அவருடைய கடைக் கணினியிலேயே உட்கார்ந்து திருத்தப்பட்ட கடிதத்தை அடித்தாள். பழைய கடிதம் ரத்து, அதன்படி செலுத்திய தொகை இதில் வரவு வைக்கப்படும் என்பதை முதலில் போட்டாள். கட்டத்தில் எட்டுப் பலன்கள் ஆயின. தவணைகளையும் மாற்றினாள். அச்செடுத்து நீட்டினாள். அவர் விரல் வைத்துப் படித்தார். எட்டாவது வரிக்குக் கீழே விரல் நின்றது.

"இங்க ஒண்ணு சேர்க்கணும்."

"சொல்லுங்க சார்."

"மேற்சொன்ன எல்லாத்தையும், ரெண்டு வருஷமும், நீங்களே நேர்ல இருந்து பார்த்துப்பீங்கன்னு. உங்க பேரைப் போட்டு. அப்படி இல்லேன்னா பணம் மொத்தமும் திருப்பித் தரணும்."

"சார், அது கம்பெனி பொறுப்பு. பேர் போட வேணாமே..."

"அம்மா, உங்க கம்பெனியை நம்பி நான் நாலணா தர மாட்டேன். ஒரே சாமானை ரெண்டு பேருக்கு வித்த கம்பெனி அது. நான் காசு போடறது உங்களுக்கு. நீங்க இருப்பீங்க இல்ல?"

அவர் கேட்டதில் சூது இல்லை. அதுதான் கஷ்டம். இப்போது சொல்லியிருக்கலாம். நான் திங்கட்கிழமை வேறு வேலைக்குச் சரி சொல்லப்போகிறேன் சார் என்று ஒரு வாக்கியம். சொன்னால் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், ஏழு நாள் ஓட ஆரம்பிக்கும், பணம் இல்லை, கையெழுத்து அவளுடையது. சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால் அது ஏமாற்று. கழிப்பறைப் பக்கத்துப் படத்தை மறைக்கத் தெரியாதவளுக்கு அதுவும் தெரியாது. மாற்றி மாற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். யோக்கியமாக இருந்ததற்குக் கிடைத்த கூலி இது என்று நினைத்தபோது அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, முதலாளிமேல் வந்ததைவிட அதிகமாக.

"இருப்பேன் சார்" என்றாள்.

ஒன்பது என்று எண் போட்டு அடித்தாள். வழங்கப்படும் பலன்கள் என்ற தலைப்பின் கீழ், முதுகுப் பகுதிக்கும் கண் பரிசோதனைக் கூடாரத்துக்கும் ஐம்பது இலவச நுழைவுக்கும் அடுத்ததாக, அவளுடைய முழுப்பெயர். பெற்றோர் வைத்த பெயர். கையெழுத்து பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது. அவள் தெருவில் இறங்குவதற்குள் இரண்டாம் தவணை வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது.

வீட்டில் அன்றிரவு அவள் சொன்னதைக் கேட்டு வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம் எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அதிகாரியே கூப்பிட்டாள். தவணையம்மா மாடிப்படியில் நின்று பேசினாள். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"என்னால வர முடியாதுங்க. இல்லீங்க, சம்பளம் எல்லாம் காரணம் இல்ல. இங்க ஒரு வேலையை ஒத்துக்கிட்டேன்."

மேலே வந்தபோது முதலாளி அவள் மேசையருகே கடிதத்தோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பை அவள் பார்த்ததில்லை.

"மேடம், எப்படி மேடம் இதை யோசிச்சீங்க? ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தரை மடக்கிட்டீங்களே!" ஒன்பதாவது வரியைத் தட்டிக் காட்டினார். "இதுதான் மேடம் மாஸ்டர் ஸ்ட்ரோக். மெத்தைக்காரருக்கும் இதைப் போட்டு ரெண்டு வருஷம் ஆக்கிடுங்க. இனிமே எல்லா ஸ்பான்சருக்கும் இந்த லைன் போயிடணும். நம்ம மாதிரிக் கடிதத்துலயே சேர்த்துடுங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அழுவதற்குக்கூட இடம் இல்லை, வாசலில் பிரிண்டரின் ஆள் பணத்துக்கு நின்றுகொண்டிருந்தான். மாதிரிக் கடிதத்தைத் திறந்தாள். ஸ்பான்சர் பெயர், முகவரி, தொகை, தேதி என்று நாலு இடங்களை எப்போதும் காலியாக விட்டு வைத்திருப்பாள், ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள. கட்டத்தின் கடைசியில் ஒன்பது என்று போட்டுத் தன் பெயரை அடித்தாள். அது மட்டும் எந்தக் கடிதத்திலும் மாறாது. சேமித்தாள்.